காதுக்கு ஓசி

விளம்பர அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘எதுகை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர்கள் இணையத்தில் போடும் படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதித் தருவது அவள் வேலை. படிக்கிறவர் சிரிக்கட்டும், ஆனால் கடைக்கு வந்து ஏமாறக் கூடாது. இதில் மட்டும் அவள் பிடிவாதக்காரி.

கண்ணாடிக் கடை முதலாளியின் சலுகை எளிதானதுதான்: லென்ஸ் வாங்கினால் பிரேம் இலவசம். அவள் எழுதிக் கொடுத்ததை முதலாளியின் மச்சான் திருத்தினார். அவருக்குத் தன்னைக் கவிஞர் என்று நினைப்பு.

‘முன்னாடி வந்தா கண்ணாடி ஓசி,
பின்னாடி வந்தா நீயே யோசி.’

இப்படியே இன்னும் நாலு வரி. லென்ஸ் விஷயம் கடைசியில். ஃபோனில் முதல் இரண்டு வரிதான் தெரியும். மிச்சம் ‘மேலும்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் கடையில் ஒரே சண்டை. முதலாளி அவளை ஃபோனில் கூப்பிட்டு, “என்னம்மா எழுதி வெச்சிருக்க? ஓசிக் கண்ணாடி எங்கேன்னு கேக்கறாங்க” என்றார்.

“நான் எழுதலை சார். உங்க மச்சான் எழுதினாரு.”

“அவர் அழகாத்தானே எழுதியிருக்காரு?”

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே கடைக்குப் போனாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பிரேமைக் கையில் பிடித்தபடி, “இந்த ஓட்டை வழியாவா பேப்பர் படிக்கறது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். விற்பனைப் பெண், “ஐயா, கண்ணுக்குப் போடற லென்ஸுக்குத்தான் காசு. காதுல மாட்டற பிரேம் ஓசி” என்றாள்.

எதுகை அங்கேயே நின்று எழுதினாள்: ‘கண்ணுக்குக் காசு, காதுக்கு ஓசி.’ வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. தங்கைக்கு அனுப்பினாள்.

“காதுக்கு என்னக்கா? கம்மலா?” என்று பதில் வந்தது.

எரிச்சல் தங்கைமேல் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. மச்சான் செய்ததையே தானும் செய்திருந்தாள். அதற்குக் கீழே அடுத்த வரியைச் சாதாரணமாக எழுதினாள்: ‘லென்ஸ் வாங்கினால் பிரேம் இலவசம். லென்ஸுக்கு மட்டும் காசு.’

கல்லாவில் உட்கார்ந்திருந்த மச்சான் எட்டிப் பார்த்தார். “ரெண்டாவது வரில சந்தமே இல்லையே. கீழ தள்ளிடலாமா?”

“தள்ளினா நாளைக்கு அந்த டிரைவர் ஐயாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

டிரைவர் இன்னும் பிரேமை விடாமல் முறைத்துக்கொண்டிருந்தார். மச்சான் அவரைப் பார்த்தார், பிறகு வரியைப் பார்த்தார். “இருக்கட்டும்” என்றார்.

அந்த வாரம் வந்தவர்கள் லென்ஸ் விலையைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். சண்டை இல்லை. வெள்ளிக்கிழமை முதலாளி மறுபடி அழைத்தார்.

“எல்லாம் சரிம்மா. அந்த ரெண்டாவது வரிக்கு மட்டும் ஒரு எதுகை போட முடியுமா?”

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூட்டுக் கடைக்கான வரியை எழுத உட்கார்ந்தாள்.