மீதி பதினொன்று

எங்கள் பள்ளியில் ரேணுகா மிஸ்ஸைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கரெஸ்பாண்டென்ட் திருவேங்கடம். இன்னொருவர் தமிழ் டீச்சரான நான். எனக்குக் கணக்கு வராது, அதனால் அவர் என்னிடம் பிடிக்கத் தப்பே கிடையாது என்பதுதான் காரணம்.

இருபத்திரண்டு வருடமாக முத்தாபுதுப்பேட்டையில் கணக்கு நடத்துகிறார். அப்பா ஆவடி தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். அந்த வீட்டில் பால்காரர் ஊற்றிய பாலைக்கூட மறுபடி அளந்து பார்ப்பார்களாம். இன்று கணவராக இருக்கும் அசோக் சார் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், இவர் பஸ் ஏறி அம்பத்தூர் போய், அந்தப் பெயரில் அந்தக் கம்பெனியில் ஓர் ஆள் நிஜமாகவே வேலை செய்கிறாரா என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். இதை அசோக் சாரே எங்களிடம் பெருமையாகச் சொல்வார். பாவம், வேறு என்ன செய்வார்.

தேர்வு நேரத்தில் இந்தக் குணம் முற்றிவிடும். வினாத்தாளைக் கையால் எழுதி, ஜெராக்ஸ் கடையில் கடைசித் தாள் வரும்வரை மெஷின் பக்கத்திலேயே நிற்பார். பழுதான தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவார். இந்தக் காலாண்டுத் தேர்வுக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிட்டதால் ஜெராக்ஸ் கடைக்கு எழிலை அனுப்பினார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

எழில் ஜூன் மாதம் சேர்ந்த கணக்கு டீச்சர். வேப்பம்பட்டிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருவாள். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. வீட்டில் அம்மா மட்டும். இந்த வேலைதான் அந்த வீட்டின் ஆதாரம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எழில் திருத்திய ஐந்தாம் வகுப்புத் தாள்களை, மூத்தவர் என்ற முறையில் ரேணுகா மிஸ் மறுபடி புரட்டினார். முப்பத்தெட்டு தாள். அதில் முப்பத்தொன்றில் பெருக்கல் கணக்குக்கு இரண்டு வரிசை எழுதிக் கூட்டும் வேலையே இல்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு, கீழே ஒரே வரியில் விடை. முப்பத்தொரு பேருக்கும் அதே கோடு. ரேணுகா மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"விடை முன்னாடியே போயிருக்கு. இந்தக் கோடு சும்மா ஒப்புக்கு," என்றார்.

எழிலைக் கூப்பிட்டு ஸ்டாஃப் ரூமிலேயே விசாரணை. அது செங்குத்தும் குறுக்கும் பெருக்கும் முறை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள் எழில். போர்டில் 23-க்குக் கீழே 41 எழுதினாள். இடது பக்கம் மேலிருந்து கீழே, இரண்டும் நான்கும் பெருக்கினால் எட்டு. குறுக்கே இரண்டும் ஒன்றும் இரண்டு, மூன்றும் நான்கும் பன்னிரண்டு, கூட்டினால் பதினான்கு. வலது பக்கம் மூன்றும் ஒன்றும் மூன்று. எட்டு நூறு, பதினான்கு பத்து, மூன்று ஒன்று. பதினான்கில் நாலைப் போட்டு, மீதி ஒன்றை எட்டோடு சேர்த்தால் 943. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் சரியாக வருகிறது என்று காட்ட நான்கு கட்டம் போட்டாள். 23 என்பது இருபதும் மூன்றும், 41 என்பது நாற்பதும் ஒன்றும். இருபது நாற்பது எண்ணூறு. இருபது ஒன்று இருபது. மூன்று நாற்பது நூற்றிருபது. மூன்று ஒன்று மூன்று. நடுவில் வரும் இருபதும் நூற்றிருபதும் இரண்டுமே பத்துக்கணக்கு என்பதால்தான் அவற்றைக் குறுக்கே பெருக்கி ஒன்றாகக் கூட்டுகிறோம், பழைய முறையிலும் இதே நான்கு பெருக்கல்தான் ஒளிந்திருக்கிறது என்றாள்.

ரேணுகா மிஸ் முழுதாகக் கேட்கவில்லை என்று இன்றும் நான் சொல்வேன். அவர் கேட்டது எழிலின் குரலில் இருந்த நடுக்கத்தை மட்டும். தயார் செய்துகொண்டு வந்த எண்ணைக் காட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். பெரிய எண்ணில் இந்த வித்தை பலிக்காது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

எழில் வகுப்புக்குப் போனதும், வினாத்தாளிலேயே கடினமான கணக்கை எடுத்தார். 78 பெருக்கல் 96. அவள் சொன்ன முறையிலேயே போட்டார். வலது பக்கம் எட்டும் ஆறும் நாற்பத்தெட்டு, எட்டைப் போட்டு மீதி நான்கு. குறுக்கே ஏழும் ஆறும் நாற்பத்திரண்டு, எட்டும் ஒன்பதும் எழுபத்திரண்டு, சேர்த்தால் நூற்றுப் பதினான்கு, மீதி நான்கையும் கூட்டினால் நூற்றுப் பதினெட்டு. எட்டைப் போட்டு மீதி ஒன்று. இடது பக்கம் ஏழும் ஒன்பதும் அறுபத்து மூன்று, மீதியோடு அறுபத்து நான்கு. விடை 6488.

பழைய முறையில் போட்டுப் பார்த்தார். 7488.

அவர் முகத்தில் அப்போது வந்த திருப்தியை நான் மறக்கமாட்டேன். "பாத்தீங்களா? இந்த முறையில 6488-தான் வருது. பசங்க தாள்ல மட்டும் 7488 எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜெராக்ஸ் கடைக்குப் போன எழிலின் முகம் எனக்கும் திடீரெனத் திருட்டு முகமாகத் தெரிந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அன்றே திருவேங்கடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டார். முறை தவறு, அந்த முறையில் வர முடியாத சரியான விடை தாள்களில் இருக்கிறது, எனவே வினாத்தாள் வெளியே போயிருக்கிறது என்று மூன்று வரி. கூடவே தன் கணக்கும், கையெழுத்தும். வெள்ளிக்கிழமை மாலை திருவேங்கடம் எழிலைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழில் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு ரேணுகா மிஸ்ஸின் மேஜையைத் தாண்டித் தலையைத் திருப்பாமல் போனாள்.

சனிக்கிழமை அரைநாள். ஆதாரமாகக் கோப்பில் வைப்பதற்காக ரேணுகா மிஸ் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். லாவண்யா என்ற பிள்ளையின் தாளில் கை நின்றுவிட்டது. அதில் 78 பெருக்கல் 96-க்கு விடை 6488. விடை முன்கூட்டியே கிடைத்த பிள்ளை இப்படித் தப்பாக எழுதுமா? அதைவிட முக்கியம், பக்கத்தில் எழில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "118-ல் எட்டைப் போட்டால் மீதி 11. ஒன்று மட்டும் அல்ல."

ரேணுகா மிஸ் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, எழில் போட்ட மாதிரியே நான்கு கட்டம் போட்டார். எழுபது தொண்ணூறு ஆறாயிரத்து முந்நூறு. எழுபது ஆறு நானூற்றிருபது. எட்டு தொண்ணூறு எழுநூற்றிருபது. எட்டு ஆறு நாற்பத்தெட்டு. நடுவில் இருக்கும் இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நூற்று நாற்பது. அந்த ஆயிரத்தின் மேல் பென்சிலை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என்ன என்று கேட்டேன். பழைய முறையில் ஒற்றை இலக்கத்தால் பெருக்கும்போது மீதி எட்டைத் தாண்டாது, கூட்டும்போது ஒன்றைத் தாண்டாது, இருபத்திரண்டு வருடமாக ஒற்றை இலக்க மீதியையே ஏற்றிப் பழகிய கை, பதினொன்றில் ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டது என்றார். அறுபத்து மூன்றும் பதினொன்றும் எழுபத்து நான்கு. 7488. முறையில் தப்பு இல்லை. ஆயிரத்தை விழுங்கியது தன் கைதான்.

"ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என் கணக்கை ஒரு தரம் திரும்பப் பாக்கலை," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

நேராகத் திருவேங்கடம் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றதும் திருவேங்கடம் நாற்காலியில் சாய்ந்தார். பள்ளி நிற்பதே அவர்கள் குடும்பத்து நெல் வயலில்தான். ஃபைல், கையெழுத்து விஷயத்தில் ஆள் கெட்டி.

"இன்னா டீச்சர், நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னா யார் மேல தப்புன்னு ஃபைல்ல இர்க்கணும்ல. ரெண்டு நம்பரு பெருக்குற கணக்குல நான் தப்பு வுட்டேன்னு நீங்களே எய்திக் குடுங்க. இல்ல, பேசாம வுட்டுடுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

கணக்குத் துறைத் தலைவி, ஐந்தாம் வகுப்புப் பெருக்கலைத் தப்பாகப் போட்டேன் என்று எழுதித் தரவேண்டும். நாளைக்கே பியூன் வரைக்கும் தெரிந்துவிடும். ரேணுகா மிஸ் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கணக்கை இரண்டு முறையிலும் போட்டு, எங்கே தவறினேன் என்று அடிக்கோடிட்டு, கையெழுத்துப் போட்டு, தனக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ட்ரெயினில் வேப்பம்பட்டு போனோம். வழியெல்லாம் எழில் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டே போனேன்.

எழில் கதவைப் பாதி திறந்துதான் நின்றாள். ரேணுகா மிஸ் மன்னிப்புக் கேட்டார். வார்த்தையை மென்று விழுங்காமல், தப்பு என்னுடையது, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். கையோடு கொண்டுவந்த நகலை நீட்டினார். எழில் அதை வாங்கினாள். படிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்து, கதவின் மேலேயே தாளை வைத்து, அதில் எழுதியிருந்த ஒவ்வொரு பெருக்கலையும் மறுபடி போட்டாள். நாற்பத்தெட்டு, நூற்றுப் பதினான்கு, அறுபத்து மூன்று. மீதி நான்கு, மீதி பதினொன்று. நாங்கள் வாசலிலேயே நின்றோம். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

"கணக்கு சரியா இருக்கு மிஸ்," என்றாள். பிறகு ஃபோனை எடுத்தாள். "ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். திங்கக்கிழமை சார் ஃபைல்ல இது இல்லாம போச்சுன்னா எனக்கு வேணும்."

ரேணுகா மிஸ்ஸின் முகத்தை நான் பார்த்தேன். அடிபட்ட முகம். ஆனால் கோபம் இல்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தால் நாமும் இதைத்தான் செய்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளை இரண்டு கையாலும் பிடித்து, நிழல் விழாமல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கையெழுத்து தெளிவா விழுந்துச்சான்னு பாத்துக்கோங்க," என்றார்.

எழில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.