நாலு கிலோமீட்டருக்கு வெளியே

வீட்டுக்கே கொண்டு கொடுக்கிறோம் என்று நாங்கள் அறிவித்த முதல் நாள், முதல் ஆர்டர் மார்சிலிங்கிலிருந்து வந்தது. ஆறு வெஜிடபிள் பஃப்ஸ். பத்து வெள்ளி எண்பது காசு; சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்போம்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் எங்கள் பேக்கரி. அடுப்பு என் கணவருடையது. கல்லாவும் ஃபோனும் என்னுடையவை. அதற்கு முன் ஓராண்டு, பெரிய டெலிவரி செயலி ஒன்றில் கடையைச் சேர்த்திருந்தோம். விற்ற ஒவ்வொரு பன்னிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேங்காய் பன்னில் அந்தளவுக்கு லாபமே கிடையாது. போதும் என்று வெளியே வந்த வேகத்தில், வாட்ஸ்அப்பில் நானே ஒரு செய்தி எழுதி அனுப்பினேன்: "சிங்கப்பூர் எங்கும் இலவச டெலிவரி." எழுதும்போது ரொம்பப் பெருமையாக இருந்தது.

மார்சிலிங் தீவின் வடக்கு முனை. ஆர்டரை விட முடியாமல் வாடகை ரைடர் ஒருவரைக் கூப்பிட்டேன். பதினாறு வெள்ளி கேட்டார். கொடுத்தேன். பஃப்ஸ் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ஃபோன் வந்தது.

"ஏம்மா, பஃப்ஸா இது? நமத்துப் போய்ச் சப்பாத்தி மாதிரி இருக்கு. கையில எடுத்தா மடங்குது!"

"சாரிக்கா. இங்கேருந்து போறப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

"அங்க நல்லா இருந்து எனக்கென்ன? நான் சாப்பிடுறது இங்கதானே?"

அவர் கேட்டது நியாயம். மூடிய பெட்டிக்குள் சூட்டின் ஆவியே பஃப்ஸை வேகவைத்திருக்கிறது. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆக, ஆறு பஃப்ஸும் போய், கூடவே பதினாறு வெள்ளியும் போயிற்று. அடுத்த நாள் கணவர் பெட்டிகளின் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே எங்களுக்கென்று ஒரு ரைடரை வைத்துக்கொண்டோம். ஐம்பதைத் தாண்டியவர், முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர், சொந்த மோட்டார் சைக்கிள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. சுற்றுக்கு முப்பது வெள்ளி, பெட்ரோல் அவருடையது. நான் வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து ஆறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு அவரிடம் காட்டினேன். கிழக்கே காத்தோங் வட்டாரத்தின் ஓரம்கூட உள்ளே வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"தங்கச்சி, இது காக்கா பறக்குற தூரம் லா. நான் ரோட்டுல போறேன். சிக்னல் இருக்கு, பார்க்கிங் தேடணும். அதுக்கப்புறம் லிஃப்ட். நாப்பது மாடி புளோக்ல லிஃப்டுக்கு நிக்கிற நேரத்துல ரெண்டு பஸ் ஸ்டாப் தாண்டிடுவேன்."

"அப்போ எவ்வளவு தூரம் வெக்கலாம் அண்ணே?"

"தூரத்த விடுங்க. உங்க பஃப்ஸ் எத்தன நிமிஷம் தாங்கும்? அதச் சொல்லுங்க."

கணவரிடம் கேட்டேன். ஓட்டை போட்ட பெட்டியில் நாற்பது நிமிடம் என்றார். அதை வைத்து வட்டத்தை நாலு கிலோமீட்டராகச் சுருக்கினோம். வடக்கே தோ பாயோ பேட்டை எல்லையானது. ஒரு சுற்றில் நாலு வீடு இருந்தால் ஒரு வீட்டுக்கு ஏழரை வெள்ளி ரைடர் செலவு. ஆறு வீடு சேர்ந்தால் ஐந்து. இருபத்தைந்து வெள்ளிக்கு வாங்கினால் மாவு, வெண்ணெய், கேஸ், பெட்டி, வாடகை எல்லாம் போக எங்களுக்குப் பத்து வெள்ளி நிற்கும். அதனால் குறைந்தபட்ச ஆர்டர் இருபத்தைந்து வெள்ளி, டெலிவரிக்கு மூன்று வெள்ளி என்று முடிவு செய்தோம். ஓரிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பலர் பன்னோடு ஒரு ரொட்டியும் ஒரு டீ கேக்கும் சேர்த்து வாங்கி, இருபத்தைந்தைத் தொட்டார்கள். ஒரு மாதத்தில் டெலிவரி தன் காலில் நின்றது.

புதிய விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று மாலை மார்சிலிங் அக்கா மறுபடி கூப்பிட்டார். நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"என்னம்மா, எங்கள வெட்டி விட்டுட்டீங்க?"

"இல்லக்கா, உங்க வீட்டுக்கு ஒரு தடவ வர்றதுக்கே பதினாறு வெள்ளி ஆகுது. நீங்க வாங்குற சாமானே பத்து வெள்ளிதான்." மறைக்காமல் எல்லாக் கணக்கையும் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா கணக்கை ஒருமுறை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நான் முந்நூறு வெள்ளிக்கு எடுத்தா வருவீங்களா?"

"முந்நூறு வெள்ளிக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"எனக்கு மட்டும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை எங்க மாதா கோவில்ல தமிழ்ப் பூசை. பூசை முடிஞ்சு எல்லாரும் கேன்டீன்லதான் நிப்போம். நம்ம ஊரு தேங்காய் பன்னு, ப்ளம் கேக்கு எங்க கிடைக்கும்னு எல்லாரும் கேக்குறாங்க. ஷிப்யார்ட்ல வேல பாக்குற தம்பிங்களும் வருவாங்க. நான் பேரு எழுதி வாங்குறேன். ஃபாதர்கிட்டயும் கேட்டுட்டேன். நீங்க ஒரே இடத்துல எறக்கினா போதும். லிஃப்ட்டே கிடையாது."

நான் சிரித்துவிட்டேன். ரைடர் அண்ணன் அவருக்கு உறவோ என்றுகூடத் தோன்றியது.

"பஃப்ஸ் மட்டும் கேக்காதீங்கக்கா."

"அத நான் மறந்தே போயிட்டேன்மா," என்றார். மறக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை இரவுக்குள் பட்டியல் வர வேண்டும், பணம் முன்கூட்டியே வர வேண்டும், முந்நூறு வெள்ளிக்குக் குறைந்தால் வண்டி வராது என்று மூன்றே நிபந்தனைகள் வைத்தேன். முதல் வாரம் புதன்கிழமைவரை வந்த பணம் நூற்று எண்பதில் நின்றது. நானாகக் கூப்பிட்டு நினைவூட்டக் கூச்சமாக இருந்தது. வியாழன் மாலை பட்டியல் வந்தபோது இருபத்திரண்டு குடும்பங்கள், முந்நூற்று ஐந்து வெள்ளி. கடைசி வரியில் அக்காவே தனக்கு நான்கு ரொட்டி எழுதியிருந்தார். வீட்டில் அவரும் அவர் கணவரும் மட்டும்தான். எண்ணைத் தொடுவதற்காக எழுதியதா என்று நான் கேட்கவில்லை.

அவ்வளவு பெட்டிகளும் மோட்டார் சைக்கிளில் அடங்காது. ரைடர் அண்ணன் தனக்குத் தெரிந்தவரின் சிறிய வேனை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்து வந்தார். வாடகையும் அவர் கூலியும் சேர்த்து ஐம்பத்தைந்து வெள்ளி. ஒரு குடும்பத்துக்கு இரண்டரை வெள்ளிதான் விழுந்தது, தோ பாயோவுக்குப் போவதைவிட மலிவு. அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன்.

பூசை முடிந்து கூட்டம் கேன்டீனுக்கு வந்தது. ஃபோனில் கேட்ட குரலை வைத்து அக்காவை ஆஜானுபாகுவாகக் கற்பனை செய்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். கையில் பேனா, பெயர் கூப்பிட்டு ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தார். பன்னை அங்கேயே பிரித்துத் தின்ற ஷிப்யார்ட் தம்பி ஒருவர், "அக்கா, இது எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு பேக்கரி டேஸ்ட்டு," என்றார். என் கணவருக்கு அதை அப்படியே குரல் பதிவாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு மார்சிலிங் போகிறது வேன். காத்தோங்கிலிருந்து கேட்டவர்களிடமும், "பதினைந்து குடும்பம் சேருங்க, ஒரு இடம் சொல்லுங்க, வர்றோம்," என்று சொல்லியிருக்கிறேன். வட்டம் இன்னும் நாலு கிலோமீட்டர்தான்.

அந்த முதல் ஞாயிறு எல்லாப் பைகளும் போன பிறகு, அக்கா எங்கள் இருவருக்கும் தனக்குமாக, நுரை பொங்க ஆற்றிய பால் டீயான தே தாரிக் வாங்கி வந்தார். ரைடர் அண்ணன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார். மூவரும் அவசரமில்லாமல் குடித்தோம்.