புழக்கடைக் குழாய்

என் வீட்டுக்காரரோட அண்ணன், நான் மாமான்னு கூப்பிடறவர், வருஷத்துக்கு ஒரு தடவை பங்குனி உத்திரத்துக்கு மெட்ராஸ்லருந்து வருவார். பத்து நாள் தங்குவார், வாய் ஓயாம குறை சொல்வார். "புழக்கடையில கால் கழுவ ஒரு குழாய் இல்ல, என்ன வீடும்மா இது?" பெரிய ராஜா வீட்டுக் கால் பாருங்க. சரி, தொலையட்டும்னு குழாய் போட ஒத்துக்கினேன்.

ஐயம்பேட்டை பிளம்பர் வந்து பார்த்தார். மாடித் தொட்டியிலருந்து வர்ற பைப் எங்க தறி ரூம்லதான் இறங்குது. அதுலருந்து ஒரு கிளை எடுத்து, கிளைக்குத் தனி வால்வு. சுவரடியில பைப் தாழ்வா ஓடுற இடத்துல ஒரு சின்ன வடிகுழாய். குழாய் தேவைப்படாதப்போ வால்வை மூடிட்டு, வெளிக்குழாயையும் வடிகுழாயையும் திறந்தா, பைப்ல நிக்கிற தண்ணி பக்கெட்டுல வடிஞ்சிடும். மாசக்கணக்கா தேங்கி நாறாது. வெளிக்குழாய் உடைஞ்சாலும் தொட்டி காலியாகாது.

"குழாயை மூடத்தான் அதுலயே திருகு இருக்குதே, இன்னொண்ணு எதுக்கு?"ன்னார் மாமா. ஆபீஸர் உத்தியோகம் பார்த்த மனுஷன். மண்டையில இருந்தது அவ்ளோதான்.

வடிகுழாயைச் சுவருக்கு வெளிய வெக்கலாம், நெய்யும்போது கால் வெக்கிற தறிக்குழி பக்கத்துல வேணாம்னார் பிளம்பர். நான் விடல. "வெளிய வெச்சா போறவன் வர்றவன்லாம் திருகுவான். எங்க தறி எனக்குத் தெரியாதா? உள்ளயே வைப்பா."

மாமா ஊருக்குப் போனதும் வால்வை மூடி, தண்ணியை வடிச்சேன். வெளிக்குழாயை மூடினேன். வடிகுழாயைத் திறந்தபடியே விட்டுட்டேன்.

இந்த வருஷம் அவர் வந்தப்போ வீட்டுக்காரர் சாமி தூக்கப் போயிருந்தார். தறியில கல்யாணப் பட்டுக்கு நீள இழையெல்லாம் கட்டிப் பாவு ஏறியிருந்தது, அரக்குச் சிவப்பு. நனைஞ்சா சாயம் ஓடி மொத்தமும் பாழ். மாமாவுக்கு அதைப் பத்தி என்ன கவலை? வாசல்லயே "தண்ணி எங்கம்மா?"ன்னார். எரிச்சல்ல வால்வைத் தட்டித் திறந்துட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம புழக்கடைக்கு வந்தேன். தெருவுல மேளச்சத்தம் காதைப் பிளக்குது. அவர் குழாயைத் திருகிக்கினே நிக்கிறார், சொட்டுத் தண்ணி வரல. அட, குழாய் திறக்கக்கூடத் தெரியாத ஜென்மம்னு நினைச்சேன்.

"உள்ள ஏதோ கொட்டுதும்மா"ன்னு அவர்தான் ஓடினார்.

வடிகுழாய் பீச்சி அடிக்கிது. தண்ணி குழிக்குள்ள ஓடுது, பாவுமேல தெறிக்கிது. நான் ஐயய்யோன்னு மரம் மாதிரி நிக்கிறேன். அவர் பட்டு வேட்டியோட தரையில உக்காந்து, துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில அமுக்கி, முதுகைப் பாவுக்குக் குறுக்கே குடுத்துக்கினு, "வால்வை மூடும்மா, வால்வை!"ன்னு கத்தினார். அப்புறம்தான் எனக்குக் கை நகர்ந்தது.

பாவு தப்பிச்சது. ஓரத்து இழை நாலுதான் ஈரம். குழியில கணுக்கால் தண்ணி.

வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு, "எவன் இதைத் திறந்து வெச்சது?"ன்னு குதிச்சார்.

"நான்தான்டா. தெரியாம பண்ணிட்டேன்"ன்னார் மாமா.

வீட்டுக்காரர் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் அடுப்படியில காபி ஆத்திக்கினே எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல.