இன்னும் ஒரு லெட்டர் பாக்கி

தருமபுரிக்கு வெளியே ஒரு தையல் ஆலையில் நான் மேலாளர். துணி வெட்டும் பிரிவில் காரிமங்கலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். கை வேலையில் குறை சொல்ல முடியாது. நேரத்துக்கு வந்தார் என்ற பேச்சுதான் கிடையாது. ஒருநாள் பஸ் வரவில்லை, ஒருநாள் வண்டி பஞ்சர், சந்தை நாளென்றால் ரோட்டில் கூட்டம். சந்தை வாராவாரம் கூடுவது இவருக்கு மட்டும் தெரியாது போலும்!

வாயால் எச்சரித்து அதைப் பதிவும் செய்தாயிற்று. விதிப்படி அடுத்தது எழுத்தில். தாமதமாக வந்த நாட்களையெல்லாம் குறித்து, தமிழிலேயே டைப் அடித்து, அவர் மேசைக்கே போய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"இதுக்கப்புறம் என்னாங்க சார்?"

"கடைசி எச்சரிக்கைன்னு இன்னொரு லெட்டர். அதுக்கும் திருந்தலைன்னா விசாரணை வச்சு, வேலையே போயிடும்."

அவர் முகம் தெளிந்தது. "அப்போ இன்னும் ஒரு லெட்டரு பாக்கி இருக்குதுங்களே!" என்றபடி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், ஒருநாளும் பிந்தாத பக்கத்து மேசைக்காரர் அரைமணி கழித்து ஆடி அசைந்து வந்தார்.

"உனக்கென்னய்யா வந்துச்சு?" என்று கத்தினேன்.

"எனக்கு இன்னும் வாய்ல சொன்னதுகூட இல்லைங்களே சார்" என்றார் அவர். "லெட்டரு ரெண்டும் அப்படியே இருக்குதுங்க."