சாமியைத் திட்டும் நாலு வரி

சோரியாங்குப்பம் பெருமாள் கோயில் பஜனையில் தையலம்மாள் அக்கா பதினெட்டு வருஷமாக முன்பாட்டு பாடுகிறாள். மற்ற நாளில் கரும்பில் காய்ந்த இலையை, சோகையை, உரிக்கப் போவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறவள். எட்டாவதோடு நின்றவள்தான், கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் குழுவின் பாட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது.

வயலிலோ வீட்டிலோ அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு பாட்டில் வேறு ஆளாகிவிடுவாள். அதில் ஒருத்தி பெருமாளுக்காகக் காத்திருக்கிறாள். அவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது இவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து நாலு வரி திட்டுகிறாள். பிறகு தானே திறக்கிறாள். மன்னிப்புக் கேட்பதில்லை. 'எனக்குப் போக வேறு இடமில்லை, இந்தக் கோபத்தையும் நீயே வைத்துக்கொள்' என்று காலில் விழுகிறாள். திட்டாமல் விழுந்தால் அந்த விழுதலுக்கு எடையே இல்லை. கேட்கிற எனக்கே அது தெரியும்.

பாகூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மணிவண்ணன் இந்த வருஷம் ஒற்றுமை விழா நடத்தினார். அக்காவையும், மோட்டார் காயில் கட்டும் டேனியலையும் சேர்ந்து பாட அழைத்தார். டேனியல் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுகிறவர். அவர் பாட்டிலும் ஒரு கதவு உண்டு.

ஒத்திகைக்குப் போனோம். மணிவண்ணன் ஒரு தாளை நீட்டினார். அக்கா பாட்டில் ஒரு வரி, டேனியல் பாட்டில் ஒரு வரி என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தார். கதவுக்குக் கதவு, கண்ணீருக்குக் கண்ணீர், காலுக்குக் கால். திட்டும் நாலு வரி இல்லை.

"இன்னாங்க, என் நாலு வரியக் காணோம்?" என்றாள் அக்கா.

"சாமியப் போய் திட்டுவாங்களாம்மா? அன்புன்னா பணிவுதான். அங்க டேனியலோட மன்னிப்பு வரியப் போட்டிருக்கேன். அழகா ஒட்டிக்கிச்சு பாரு."

டேனியல் தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்னோடதுல காயத்த எடுத்துட்டீங்களே."

"விழாவுல ரத்தம் எதுக்குப்பா?"

"அது இல்லன்னா பாட்டே இல்லீங்க. எங்க பாட்டுல வெளிய நின்னு தட்டுறது ஆண்டவர். எனக்காக அடிபட்டு, காயத்தோட வந்து நிக்கிறாரு. தொறக்காம உள்ள இருக்கற பாவி நான். அதனாலதான் மன்னிப்பு. அக்கா பாட்டுல லேட்டா வந்தது சாமி. அவங்க இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கணும்?"

"ரெண்டும் கதவுதானேப்பா!"

"ஆமா, கதவுதான்" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் தொறக்கறோம். அத ஒண்ணுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். தப்பு யாரு மேலன்றது வேற இல்லியா? அவரு கடன்பட்டவராட்டம் விழறாரு. நான் உரிமைக்காரியாட்டம் சண்டை போட்டுட்டு விழறேன்."

"உனக்கு வூட்டுக்காரர் மேல இருக்கற கோபத்த இங்க காட்டாதம்மா" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் நாற்காலி அடுக்கிய ரெண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா முகம் சுருங்கிவிட்டது. அது சாமியிடம் பாடுகிற பாட்டு. அதில் அவள் புருஷனைத் தேடுகிறவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

மணிவண்ணன் தாளை என்னிடம் தந்தார். "நல்லா எழுதிக் குடும்மா, மேடையில பாத்துப் பாடட்டும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் மணிவண்ணன் தாளைப் பார்த்து எழுதக் கை போகவில்லை. நோட்டைப் பார்த்து அக்கா பாட்டை ஒரு தாளில் முழுதாக எழுதினேன். மறுநாள் டேனியல் கடைக்குப் போய், அவர் சொல்லச் சொல்ல, காயத்தோடு சேர்த்து அவர் பாட்டை இன்னொரு தாளில் எழுதினேன்.

விழா அன்று மேடைக்குப் பக்கத்தில் ரெண்டு தாளையும் நீட்டினேன். மணிவண்ணன் முகம் கறுத்துப்போயிற்று.

"எட்டாங்கிளாஸுக்கே இவ்வளவு திமிரா?"

அதற்குள் மைக்கில் பேரைச் சொல்லிவிட்டார்கள். டேனியல் முதலில் பாடினார். காயம் வந்த இடத்தில் குரல் தாழ்ந்தது. அவர் முடித்து இறங்கும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு நான் ஜால்ராவை எடுத்தேன். நாலு வரியையும் அக்கா விடாமல் பாடினாள். திட்டும்போது குரல் பந்தலை முட்டியது. கோபத்தைக் காலடியில் வைக்கிற வரியில் அது அப்படியே தணிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

மணிவண்ணன் மைக்கை வாங்கினார்.

"கேட்டீங்களா? கதவு ஒண்ணு, கண்ணீர் ஒண்ணு. ரெண்டும் ஒரே பாட்டுதான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஊர் நெருங்கும்போது சொன்னாள்: "நாலு வரியும் பாடிட்டேன்டி. எவனாச்சும் கேட்டானா?"

"நான் கேட்டேன்க்கா."

"நீ பதினெட்டு வருஷமா கேக்கற" என்று சலித்துக்கொண்டாள்.