டிரைவர் மகளுக்கு எழுதிய நாலு வரி

என் தாய்மாமா பொய் சொல்லுகிறார். சங்கரன்கோவிலில் போன மாதம் அவருக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டத்தில், ஒலிபெருக்கி வைத்து, ஊர் கேட்கச் சொன்னார். பஸ் டிரைவர் மகளுக்கு எழுதிய அந்த நாலு வரி இரங்கற்பா தன்னுடையதாம். ஒரே மூச்சில் எழுதினாராம், எழுதும்போது கண் கலங்கியதாம். கலங்கவில்லை. அப்போது அவர் வடை தின்றுகொண்டிருந்தார். எழுதியவள் நான். எனக்குப் பத்து வயது.

மாமா தெற்கு ரத வீதியில் அச்சுக்கூடம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பருத்திக் கடை பில், பதினாறாம் நாள் பத்திரிகை எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அப்போது வெள்ளைக்காரன் போய் மூன்று நாலு வருஷம் இருக்கும். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க நேரில் போக முடியாத வியாபாரிகளுக்கென்று மாமா ஒரு அட்டை கண்டுபிடித்திருந்தார். உள்ளங்கை அகலம், சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் ஒரு வெண்பா. வருகிறவரிடம் இரண்டே கேள்விதான் கேட்பார். செத்தவர் பெயர் என்ன? எந்தத் திதி? பெயரையும் திதியையும் மட்டும் மாற்றி எழுத்துக் கோத்து, அச்சு எந்திரத்தைக் காலால் மிதித்து அடித்துக் கொடுப்பார். ஆணுக்கு ஒரு வெண்பா, பெண்ணுக்கு ஒரு வெண்பா. ஊரில் யார் செத்தாலும் "வையம் வெறுத்து வானகம் புக்கார்" என்றுதான் போவார்கள். கடன்காரனும் அப்படித்தான் போனான், அவனுக்குக் கடன் கொடுத்தவனும் அப்படித்தான் போனான்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் அப்பா சிவகிரி பஸ் ஓட்டினார். காய்ச்சலில் கிடந்து செத்துப்போனார். அவள் அழவில்லை, பேசவில்லை, சோறும் சரியாகத் தின்னவில்லை. துட்டிக்குப் போய்வந்த அம்மா அடுப்படியில் சொன்னாள்: "கல்லு மாதிரி இருக்கா. பள்ளிக்கூடமும் போதும்னு ராயகிரியில பெரியப்பா வீட்டுக்கு அனுப்பப் போறாகளாம்."

பிள்ளைகளைத் துட்டி வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். நான் எதைக் கொண்டு அவளைப் பிடித்து நிறுத்துவது? அட்டை நினைவு வந்தது. அச்சுக்கூடத்துக்கு ஓடினேன்.

மாமா பழைய வெண்பாவையே எடுத்து நீட்டினார். படித்தேன்.

"மாமா, அவுக அப்பா ஒண்ணையும் வெறுக்கல. காய்ச்சல்ல செத்துப் போனாக."

"ஏட்டி, அது மரபு. அப்படித்தான் பாடணும்."

"என்னைக்குச் செத்தாகன்னு அவளுக்கே தெரியாதா? அதை எதுக்குப் பாட்டுல சொல்லுதிய?"

"திதி வெண்பான்னா திதி இருக்கணும். வருஷா வருஷம் திவசம் கொடுக்க வேண்டாமா?"

"அவ திவசம் கொடுக்க மாட்டா. அவளுக்குச் சோறு இறங்கணும்."

மாமா சிரித்தார். அச்சுக் கோக்கிறவரைப் பார்த்து, "பாத்தேரா வே, நம்ம கடைக்குப் புலவர் வந்தாச்சு" என்றார். கறுப்புக் கரை மட்டும் விழுந்து நடுவில் காலியாக இருந்த ஓர் அட்டையை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுது பாப்போம்."

எழுதினேன். காகிதக் குப்பையின் பின்பக்கத்தில் முதலில் "அழாதே" என்று போட்டேன். அவள்தான் அழவே இல்லையே. அடித்தேன். "சாமி கூப்பிட்டுக்கொண்டது" என்று போட்டேன். எங்கள் ஊரில் சாமிக்குக் குறைச்சல் இல்லை, எந்தச் சாமி கூப்பிட்டது என்று அவள் கேட்டால்? கோமதி அம்மன் என்றால் அவள் இனிமேல் கோயிலுக்கே வரமாட்டாள். அடித்தேன். "எல்லாம் சரியாகும்." எப்படிச் சரியாகும்? அப்பா திரும்பி வருவாரா? அதையும் அடித்தேன். "உன் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று எழுதும்போது எங்கள் அப்பா வீட்டில் நன்றாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

அப்புறம் எனக்கு நிஜமாகவே என்ன தெரியும் என்று யோசித்தேன். தெரிந்ததை மட்டும் அட்டையில் எழுதினேன்.

பள்ளிக்கூட வளைவு வந்தால் உன் அப்பா ஹாரன் அடிப்பார்.
உனக்காக என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.
இப்போது அந்த பஸ் சும்மா போகிறது.
நீ வரும்வரை உன் இடத்தில் யாரையும் உட்காரவிட மாட்டேன்.

மாமா வடையைக் கடித்துக்கொண்டே படித்தார். "எதுகை இல்ல, மோனை இல்ல. இது பாட்டா? பஸ் கம்பெனி நோட்டீஸு." அட்டையை என் மடியில் போட்டார். அவர் கை எண்ணெய் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

மறுநாள் அம்மா மறுபடி அங்கே போனபோது அட்டையைக் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"என்ன எழவ எழுதுன நீ? படிச்சிட்டு வீடு அதிர அழுதா. பிள்ளைய அழ வச்சுட்டியேன்னு அவ அத்தை என்னைப் பிடிச்சு வாங்குவாங்குன்னு வாங்கிட்டா."

அம்மா தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டாளாம். தின்றாளாம். ராயகிரிக்குப் போக மாட்டேன், என் இடம் போய்விடும் என்று தூணைக் கட்டிக்கொண்டாளாம். பெரியப்பா இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம்.

அவள் வரும்வரை நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அந்த இடத்தில் உட்கார வந்த ஒருத்தியின் கையைக் கடித்து, வாத்தியாரிடம் அடி வாங்கினேன். அவள் வாசலில் தெரிந்த அன்று வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வந்தாள், உட்கார்ந்தாள், சிலேட்டை எடுத்தாள். தேர்த் திருவிழாவில் தேரை நான் ஒருத்தியே இழுத்து நிலைக்குக் கொண்டுவந்த மாதிரி இருந்தது எனக்கு.

சேதி ஊரில் பரவியது. வெண்பா அட்டை வேண்டாம், அந்தப் பிள்ளைக்குப் போன மாதிரி வேணும் என்று கரிவலம்வந்தநல்லூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். மாமா நல்ல வார்த்தையோடு என்னிடம் வந்தார்.

"ஏட்டி, செத்தது நெல்லுக் கடை அண்ணாச்சியோட அம்மா. ஹாரனுக்குப் பதிலா என்ன போடலாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா என்ன செய்வாகன்னு அவுக மகன்கிட்ட கேளுங்க."

கேட்டார். கடை மூடி மகன் வரும்வரை அந்த அம்மாள் சாப்பிட மாட்டாளாம். அதை அப்படியே கோத்து அடித்தார். நெல்லுக் கடைக்காரர் கல்லாவிலேயே அழுதார். அதிலிருந்து மாமா எளிய இரங்கற்பாவின் கவிராயர் ஆனார்.

என் நாலு வரி நன்றாக இருந்ததால்தான் அவள் வந்தாள் என்று பத்து வயதில் நான் மார்தட்டிக்கொண்டேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் அவள் சொன்னாள். அந்த பஸ் சும்மா போவது தனக்கு மட்டும்தான் கேட்கிறது, ஊரே அப்பாவை மறந்துவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாளாம். இன்னொருத்திக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் அழுகை வந்ததாம். அவ்வளவுதான். என் பாட்டுக்காக அழவில்லை. எனக்கு அது அன்று புரியவில்லை. மாமாவுக்கு இன்றும் புரியவில்லை.

மாமா, பொன்னாடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதே மேடையில் ஏறி, அதே ஒலிபெருக்கியில், ஊர் கேட்க எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். செத்தவர் பெயரை நான் கேட்கவில்லை, அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?