கிளிநொச்சிக்கு அரை மணித்தியாலம் குறைவு

வவுனியாவில் பசார் வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், மாடிப்படியேறிப் போனால் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கம்பனி இருந்தது. அதன் வாசல் மேசையில் றிம்ஸியா என்றொரு பிள்ளை இருந்தாள். இருந்தாள் என்றுதான் சொல்லலாம், வேலை செய்தாள் என்று சொல்ல முதலாளி கச்சு முகம்மதுவுக்கு மனம் வராது. கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்ப்பாள். கண் யன்னலில் இருக்கும், பேனை காதுக்குமேல் இருக்கும், ஆள் எங்கே இருப்பாளோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் அவளுடைய எழுத்து அச்சுக்கோர்த்த மாதிரி இருக்கும். அதனால்தான் முறைப்பாட்டுப் பதிவேட்டை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம். அதில் ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

பதிவேடு பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் இருந்தது. அவர்களுடைய கொம்பியூட்டர்களைப் பார்க்கும் ஒப்பந்தம் இந்தக் கம்பனிக்கு. ஏதாவது பழுதானால் அங்குள்ள நிர்வாக உத்தியோகத்தர் சிவலட்சுமி ஒரு படிவத்தில் திகதியும் நேரமும் எழுதி, சற்றலைட் தொலைபேசி வழியாகப் பக்ஸ் அனுப்புவா. பக்ஸ் வந்த நேரத்திலிருந்து எட்டு வேலை மணித்தியாலத்துக்குள் ஆள் அங்கே போய் நிற்க வேண்டும். வேலை மணித்தியாலம் என்பது இந்த வவுனியாக் கந்தோர் திறந்திருக்கும் நேரம் மட்டும்தான் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலரை வரை. சாப்பாட்டு நேரமும் சேர்த்தி. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, அரசாங்க விடுமுறை ஒன்றும் கணக்கில் வராது. மூன்று மாதத்துக்குள் மூன்று தரம் பிந்தினால் அவர்கள் ஒப்பந்தத்தையே நிறுத்தலாம்.

இந்தக் கணக்கு றிம்ஸியாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. நாலரை அடித்ததும் ஒரு முறைப்பாடு அப்படியே கண்ணை மூடிக்கொள்ளும். அடுத்த வேலை நாள் எட்டரைக்குக் கண் திறந்து, விட்ட இடத்திலிருந்து நடக்கும். நடுவிலிருந்த பதினாறு மணித்தியாலமும் எங்கே போயின? பஸ் நிலையத்தில் பாய் விரித்துப் படுத்திருக்குமோ என்று நினைப்பாள். உம்மா குசினியில் ரொட்டி தட்டுவது, குளத்துப் பக்கமிருந்து காற்று வருவது, தம்பி றஸ்மி சைக்கிளுக்குக் காற்றடிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வராத நேரத்துக்குள்தான் நடக்கின்றன. மனிசர் உண்மையாகச் சீவிப்பது எல்லாம் கணக்குக்கு வெளியேதான் போல. இப்படி நினைத்துக்கொண்டிருந்தால் முதலாளி மூன்று தரம் கூப்பிட வேண்டித்தான் வரும்.

கிளிநொச்சிக்குப் போகிறவன் வினோதன். பழனியாண்டியின் மகன். அந்தக் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்துப் பக்கம் குடியேறியது. தகப்பனோடு கல்லுடைத்த கையால் இப்போது கொம்பியூட்டரின் சின்னச் சின்ன ஆணிகளைக் கழற்றுகிறான் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை. மோட்டார் சைக்கிளில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்து, பெட்டியைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் இயக்கத்தின் சாவடியிலும் திறந்து காட்டிப் போய்ச் சேர்வான். போகும் வழியில் முறிகண்டிக் கோயிலடியில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் சோறு சாப்பிடுவது அவனுக்கு ஒரு கொண்டாட்டம். திரும்பி வந்து, அந்தக் கடைப் பூசணிக்காய்க் கறியைப் பற்றி றிம்ஸியாவுக்குச் சொல்லாமல் விடமாட்டான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் இருபது நிமிடம் பிந்தினான். செப்டெம்பரில் இன்னொரு தரம் இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு பூசணிக்காய்க் கதை நின்றுபோயிற்று. மூன்றாவது தரமும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் பழையபடி கல்லுடைக்கத்தான் போகவேண்டும் என்று வினோதனுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அது 2005ஆம் ஆண்டு நோன்பு மாதம். சனி, ஞாயிறோடு திங்கட்கிழமைப் போயாவும் சேர்ந்து கந்தோர் மூன்று நாள் பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தபோது பக்ஸ் இயந்திரத்தின் வாயில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்வர் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை, பின்னேரம் 4.10. கீழே சிவலட்சுமியின் கையெழுத்து.

றிம்ஸியா கணக்குப் போட்டாள். வெள்ளி 4.10இலிருந்து 4.30 வரை இருபது நிமிடம். சனி, ஞாயிறு, போயா இல்லை. மிச்சம் ஏழு மணித்தியாலம் நாற்பது நிமிடம். செவ்வாய் எட்டரையிலிருந்து கூட்டினால் பின்னேரம் 4.10. அதுதான் கெடு. அழகான எழுத்தில் எழுதினாள். எழுதும்போது ஏதோ ஒன்று உறுத்தியது. வெள்ளி 4.10க்கு அவள் இந்தக் கதிரையில்தான் இருந்தாள். பக்ஸ் வந்தால் அந்த இயந்திரம் போடும் சத்தத்துக்குக் கீழ்க்கடைக்காரனே எழும்புவான். நான் எந்த உலகத்தில் இருந்தேனோ என்று தன்னையே நொந்துகொண்டு, அதை அத்தோடு விட்டுவிட்டாள். பகற்கனவு காணுகிறவர்களுக்கு இது ஒரு வசதி, எதற்கும் தங்கள் தலையையே குற்றம் சொல்லலாம்.

மாற்றவேண்டிய பாகம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேர மத்தியானம் தாண்டிவிட்டது. ஓமந்தையில் அதற்குரிய கடிதத்தை ஒருவர் மாறி ஒருவர் வாசித்தார்கள். கிளிநொச்சிக் கந்தோருக்குள் கால் வைத்ததும் வினோதன் வழக்கம்போல அங்கிருந்தே தொலைபேசி எடுத்து, வந்துவிட்டேன் என்று மூச்சு வாங்கச் சொன்னான். றிம்ஸியா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். 4.25. பதினைந்து நிமிடம் பிந்தல். கை கூசியது. ஆனாலும் எழுதினாள்.

முதலாளி பதிவேட்டைப் பார்த்தார், சத்தம் போடவில்லை. நாளைக்கு வினோதன் வந்ததும் உள்ளே அனுப்பச் சொன்னார். அவனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் ஏற்கனவே தட்டச்சாகி மேசை லாச்சிக்குள் கிடந்தது.

வீட்டுக்குப் போனால், முல்லைத்தீவிலிருந்து ஸுஹறா மாமி வந்திருந்தா. சமாதான காலத்தில் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போன கொஞ்சச் சனத்தில் மாமியும் ஒருத்தி. முற்றத்தில் பாய் விரித்து, கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு எல்லாரும் பள்ளிவாசல் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். வானம் செம்மஞ்சளாகி, மரங்களுக்குப் பின்னால் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. நோன்புக் களைப்பில் றிம்ஸியாவின் தலை பஞ்சுபோல லேசாக இருந்தது. வினோதனின் மூச்சுச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

மாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைக் கையிலெடுத்தா. சுவரில் இன்னும் ஆறரை ஆகவில்லையே என்று றஸ்மி கிண்டல் பண்ணினான்.

"இது எங்கட நேரம் மகன். அங்க ஆறு மணிக்கு முன்னமே நோன்பு துறந்திடுவம்," என்றா மாமி.

"அப்ப உங்களுக்கு அரை மணித்தியாலம் லாபம்."

"லாபமோ? சூரியன் ஒண்டுதானே மகன்."

அந்த நேரம் பாங்கு சொன்னது. எல்லாரும் பழத்தை வாயில் வைத்தார்கள். றிம்ஸியா மட்டும் கையில் பழத்தோடு அப்படியே இருந்தாள்.

இது தெரியாதவர்கள் வன்னியில் உண்டா? ஒன்பது வருசத்துக்கு முதல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியபோது, ஓமந்தைக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் தள்ளவில்லை. இங்கே பத்து மணி என்றால் அங்கே ஒன்பதரை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிவலட்சுமி எழுதியது அங்கத்தைய நேரம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவேயில்லை. படிவம் வந்த நேரத்தைக் கிளிநொச்சிக் கடிகாரத்தில் எடுத்து, வினோதன் போய்ச் சேர்ந்த நேரத்தை வவுனியாச் சுவரில் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் அவனுடைய எட்டு மணித்தியாலத்தில் அரை மணித்தியாலத்தை இவளே எடுத்துத் தின்றிருக்கிறாள்.

பதிவேடு கையில் இல்லாமலே எல்லா இலக்கமும் அவளுக்கு நினைவிருந்தது. அங்கே 4.10 என்றால் இங்கே 4.40. கந்தோர் பூட்டிய பிறகு வந்த பக்ஸ். வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வராது. செவ்வாய் எட்டரைக்குத் தொடங்கினால் எட்டு மணித்தியாலம் முடிவது சரியாக நாலரைக்கு. வினோதன் போனது 4.25க்கு. பிந்தவில்லை, ஐந்து நிமிடம் முந்தியிருக்கிறான். ஓகஸ்டில் பிந்தியது இருபது, செப்டெம்பரில் இருபத்தைந்து. இரண்டுமே முப்பதுக்குள்.

அவன் ஒருநாளும் பிந்தவேயில்லை.

உம்மா பழத்தைச் சாப்பிடச் சொல்லி அதட்டினா. சாப்பிட்டாள், இனிக்கவில்லை. நாளைக்கு இதைச் சொன்னால் அவளுடைய ஐந்து மாதமும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடிகாரம் இரண்டு என்று எல்லாருக்கும் தெரிந்தும், ஒருவர் வாயிலும் இந்தக் கேள்வி வரவில்லையே. அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, வெட்கம்தான் கொஞ்சம் கூட.

அடுத்தநாள் வினோதன் வருவதற்கு முன்னமே மூன்று படிவத்தையும் பதிவேட்டையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தாள்.

"முதலாளி, அவர் பிந்தேல்ல. நான்தான் பிழையா எழுதினனான்."

கச்சு முகம்மது முதலில் நம்பவில்லை. கடுதாசியில் தானே போட்டுப் பார்த்தார். ஓகஸ்ட் படிவத்தில் பதினொன்று என்றது இங்கே பதினொன்றரை. அடுத்தநாள் பதினொன்றரை வரை நேரம். போனது பதினொன்று இருபதுக்கு. இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதில் போயாவைத் தாண்டி வந்து நாலரையில் பேனையை வைத்துவிட்டு, பதிவேட்டின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். தானும் மூன்று தரம் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். கிளிநொச்சிக்கு உடனே எழுதிக் கணக்கைத் திருத்தச் சொன்னார். இனிப் படிவத்தில் எந்த ஊர் நேரம் என்று எழுதாமல் எதையும் பதியக்கூடாது என்றார். அவளுடைய தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீளும் என்றும் சொன்னார். றிம்ஸியா தலையாட்டினாள். முதல் தரம் சொன்னதுமே கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

வினோதன் வந்தான். சவரம் செய்து, நல்ல சேட்டுப் போட்டிருந்தான். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து வந்தவன்தான். வாசல் மேசையடியில் அவனை மறித்து, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொன்னாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை என்றாள். அவன் கோபப்படவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான், தன் மணிக்கட்டைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான்.

"அப்ப முறிகண்டியில நான் சாப்பிட்டிருக்கலாம், என்ன தங்கச்சி?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாம் தரம் பிந்திய நாளிலிருந்து அவன் வழியில் சாப்பிடுவதை விட்டிருந்தான். சோறு சாப்பிடும் அந்த இருபது நிமிடம்தான் தன்னைப் பிந்தப் பண்ணுகிறது என்று நினைத்திருக்கிறான். மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு ஓடிப் போய், கிளிநொச்சியில் தண்ணீர் குடித்துவிட்டு வேலை செய்திருக்கிறான். பூசணிக்காய்க் கதை நின்றது அதனால்தான்.

"ஓம் அண்ணை, சாப்பிட்டிருக்கலாம்," என்றாள்.

அவன் சிரித்துவிட்டு உள்ளே போனான். றிம்ஸியா கதிரையில் இருந்தாள். நோன்பு தொடங்கிய இத்தனை நாளில், முதல் தரமாக அவளுக்குப் பசித்தது.